போன் தொலைந்ததா? முதல் வேலை சிம்

பேருந்தில் போனைப் பறிகொடுத்தவர் முதலில் தேடவேண்டியது காவல் நிலையத்தையல்ல, பக்கத்தில் இருப்பவரின் போனை. அதே நிறுவனத்தின் சிம் உள்ள போனிலிருந்து 198-ஐ அழைத்து, எண்ணை முடக்கச் சொல்லுங்கள். திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், வங்கி ஓடிபி அவருக்குத்தான் போகும். அடுத்து வங்கியை அழைத்து யுபிஐ சேவையை நிறுத்துங்கள்.

பிறகு ஆதாருடன் நிறுவனத்தின் கடைக்குப் போனால், அதே எண்ணில் புதிய சிம் தருவார்கள். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் போகவேண்டும். மகன் பெயரில் வாங்கிய சிம்மை அம்மா பயன்படுத்தும் வீடுகளில் இங்கேதான் சிக்கல்.

புதிய சிம் இயங்கத் தொடங்கியதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஓடிபி வரவில்லையே என்று பதறாதீர்கள். பணம் போயிருந்தால் மட்டும் காத்திருக்காமல் 1930-ஐ அழையுங்கள்.