மணிக்கு 120 எரிகற்கள் என்றார்களே... மொட்டைமாடியில் ஏன் ஒன்றுகூடத் தெரியவில்லை?

டிசம்பர் 13, 14 தேதிகள் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி தவறாமல் வந்துவிடும். "இன்று இரவு ஜெமினிட் எரிகல் பொழிவு. மணிக்கு 120 எரிகற்கள்! குடும்பத்தோடு பாருங்கள்!" இரவுச் சாப்பாடு முடிந்ததும், எட்டு மணி வாக்கில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் நிறைய. கழுத்து வலிக்க அரை மணி நேரம் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒன்றுகூட விழாது. "எல்லாம் சும்மா ஃபார்வர்டு" என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்துவிடுவார்கள்.

செய்தி பொய் இல்லை. ஆனால், அதிலுள்ள 120 என்ற எண்ணுக்கு அவர்கள் நினைத்த அர்த்தம் இல்லை.

ஜெமினிட் எரிகற்கள், ஃபேத்தான் என்ற சிறுகோள் தன் பாதையில் சிந்திவிட்டுப் போன தூசும் துகள்களும்தான். பூமி அந்தப் பாதையைக் கடக்கும்போது அவை நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்து எரிகின்றன. நமக்கு அவை மிதுன நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் சிதறுவதுபோலத் தெரியும். அதைக் கதிர்ப்புள்ளி என்பார்கள்.

அந்தக் கதிர்ப்புள்ளி சரியாக நம் தலைக்கு மேலே இருக்கிறது. வானத்தில் துளி வெளிச்சம் இல்லை. மேகமோ மரமோ மறைக்கவில்லை. இப்படியொரு கற்பனை வானத்தின் கீழ் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பார் என்பதற்கான கணக்குதான் மணிக்கு 120. ஆண்டைப் பொறுத்து இந்த எண் 150 வரைகூடப் போகும். தமிழ்நாட்டிலோ கதிர்ப்புள்ளி ஒருபோதும் நேர் உச்சிக்கு வருவதில்லை. அது இரவு ஏழே முக்காலுக்குச் சற்று முன்புதான் வடகிழக்கு அடிவானத்தில் எட்டிப் பார்க்கும். மெல்ல மெல்ல ஏறி, அதிகாலை 2 மணியைத் தாண்டித்தான் தன் அதிகபட்ச உயரமான 70 பாகைக்கு வரும்.

உயரம் ஏன் முக்கியம்? மழை சாய்வாக அடித்தால் முற்றத்தில் வைத்த அண்டாவுக்குள் குறைவாகத்தான் விழும். நேராகக் கொட்டினால் சீக்கிரம் நிரம்பும். எரிகற்களும் அப்படித்தான். கதிர்ப்புள்ளி அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது துகள்கள் நம் வானத்தைச் சாய்வாக உரசிப் போகின்றன. இதைக் கணக்கில் சேர்க்க, உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் போதும். பத்தாம் வகுப்பில் படித்த அதே சைன்தான்.

ஆக, எரிகற்கள் வரும் வீதம் இரவு முழுக்க ஒரே எண் இல்லை. நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது.

ஜவ்வாது மலையில் ஒரு கணக்கு

வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர், ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. அந்த மலையில், ஓரளவு நல்ல இருட்டில் ஒரு குடும்பம் பாய் விரித்துப் படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலா இல்லை, மேகம் இல்லை.

இருட்டு எவ்வளவு நல்ல இருட்டு என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தின் எண் அது. கற்பனை வானத்தில் 6.5. நம் மலை வானத்தில் 5.5 என்று கொள்ளலாம். இந்த எண் ஒரு படி குறைந்தால் ஜெமினிட் எரிகற்களின் எண்ணிக்கை சுமார் 2.6-ல் ஒரு பங்காகிவிடும். காரணம், எரிகற்களில் பெரும்பாலானவை மங்கலானவை. கொஞ்சம் வெளிச்சம் வந்தாலும் முதலில் காணாமல் போவது அவைதான். அதனால் 120 என்பது இங்கே 46 ஆகிறது. இதை அந்தந்த நேரத்து சைன் மதிப்பால் பெருக்கினால் வீதம் கிடைக்கும்.

இரவு 8 மணிக்கு வீதம் மணிக்கு வெறும் 4. 9 மணிக்கு 14, 10 மணிக்கு 23. நள்ளிரவில் 37. 1 மணிக்கு 41, 2 மணிக்கு 43, 3 மணிக்கு 42. பிறகு மெல்ல இறங்கி, விடியல் வெளிச்சம் தொடங்கும் 5 மணி வாக்கில் 33.

இந்த எண்கள் எரிகற்களின் எண்ணிக்கை இல்லை, வீதம் என்பதைக் கவனிக்க வேண்டும். முனிசிபாலிட்டி குழாயில் தண்ணீர் முதலில் நூலாக வரும், பிறகு வேகம் பிடிக்கும். குடத்தில் எவ்வளவு நிரம்பியது என்பதை, ஏதோ ஒரு நொடியில் குழாய் எவ்வளவு வேகமாகக் கொட்டியது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கணத்தின் வேகத்தையும், அது நீடித்த நேரத்தையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நேரத்துக்கு எதிராக வீதத்தை வரைந்தால் ஒரு வளைகோடு வரும் அல்லவா? பார்க்கத் தொடங்கிய நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் நடுவே, அந்த வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் எதிர்பார்க்கும் எண்ணிக்கை. பிளஸ் டூ மாணவர்கள் தொகையீடு என்று போடும் கணக்கு இதுதான்.

கையாலேயே போடலாம். 8 முதல் 9 வரை, தொடக்க வீதம் 4, முடிவு வீதம் 14, சராசரி 9. ஆக, அந்த ஒரு மணி நேரத்தில் 9 எரிகற்கள். அதேபோல 9 முதல் 10 வரை சுமார் 18. இரண்டையும் கூட்டினால் 27. அதே குடும்பம் தூங்கிவிட்டு 1 மணிக்கு எழுந்து 3 மணி வரை பார்த்தால்? 42-ம் 43-ம் சேர்த்து 85. இரண்டுமே இரண்டு மணி நேரம்தான். பலன் மூன்று மடங்குக்கு மேல்.

இங்கேதான் சராசரி ஆளை ஏமாற்றும். 8 முதல் 5 வரை மொத்தப் பரப்பு சுமார் 288. ஒன்பது மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 32. கணக்கு சரி. ஆனால், அந்த 32-ஐ நம்பி 8 மணிக்குப் போகிறவர் இரண்டு மணி நேரத்தில் 64 வரும் என்று காத்திருப்பார். வருவது 27.

மாடியில் நடந்தது என்ன?

இப்போது நகரத்து மொட்டைமாடிக்கு வருவோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திர எண் 4 ஆகிவிடுகிறது. கற்பனை வானத்தைவிட இரண்டரை படி குறைவு. 120 இங்கே 11 ஆகச் சுருங்குகிறது. 8 மணிக்கு சைன் பெருக்கலுக்குப் பிறகு மணிக்கு 1 கூட இல்லை, எட்டரைக்கு 2. அந்த அரை மணி நேரத்துப் பரப்பு வெறும் 0.75.

முக்கால் எரிகல் என்று ஒன்று விழாது. 0.75 என்பது எதிர்பார்ப்பு மட்டும்தான். துகள்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. தனித்தனியாக, தற்செயலாக வருகின்றன. அப்படி வருபவற்றுக்கு, பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் பெயரில் வழங்கும் விதி பொருந்தும். அதன்படி, ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு e^(−0.75). விடை 0.47. அதாவது, தமிழ்நாட்டு நகரங்களில் அந்த அரை மணி நேரம் மாடியில் நின்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒன்றும் பார்க்காமல்தான் இறங்கியிருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் கோளாறு இல்லை, செய்தியிலும் கோளாறு இல்லை. எதிரே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் நின்றால் நிலைமை இன்னும் மோசம்.

அதே மாடி, அதே விளக்கு. அதிகாலை 2 மணியை ஒட்டிய அரை மணி நேரம் என்றால் பரப்பு 5. ஒன்றுகூடத் தெரியாமல் போகும் வாய்ப்பு 1 சதவிகிதத்துக்கும் கீழே. அலாரம் வைப்பதுதான் கஷ்டம்!

சுவாரஸ்யமான இன்னொரு விஷயம், மலையில் உச்சநேரத்தில் வீதம் மணிக்கு 42 என்றால் சராசரியாக 85 நொடிக்கு ஒன்று. ஆனால், அவை கடிகாரம்போல வராது. ஒரே நிமிடத்தில் மூன்று பாயும். பிறகு ஐந்து நிமிடம் வானம் சும்மா இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் அப்படியொரு நீண்ட இடைவெளி இரண்டு மூன்று முறை வருவது இயல்பு. "முடிஞ்சுபோச்சு போல" என்று பாயைச் சுருட்டிவிட வேண்டாம்.

எதிர்பார்த்த எண்ணுக்கும் எண்ணியதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்? எதிர்பார்ப்பின் வர்க்கமூலத்தைப்போல இரண்டு மடங்கு வரை சாதாரணம். 85-க்கு வர்க்கமூலம் 9 சொச்சம். ஆகவே 67-ம் வரலாம், 103-ம் வரலாம். 30 மட்டுமே வந்தால் அது தற்செயல் இல்லை. மெல்லிய மேகம் படர்ந்திருக்கும். டிசம்பர் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலம், பாதி வானம் மூடினால் எண்ணிக்கையும் பாதி. இல்லையென்றால் நிலா. அதுவும் இல்லையென்றால் கையிலிருக்கும் போன்! திரை வெளிச்சம் பட்ட கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். தவிர, போனைக் குனிந்து பார்த்த நேரம் தொகையீட்டில் சேராது. சர்வதேச எரிகல் அமைப்புக்குக் கணக்கு அனுப்பும் ஆர்வலர்கள், கண்ணை எடுத்த நிமிடங்களைக் கழித்துவிட்டு, உண்மையில் வானத்தைப் பார்த்த நேரத்தை மட்டுமே எழுதுகிறார்கள். எண்ணிக்கையையும் சின்னச் சின்ன இடைவெளிகளாகப் பிரித்தே குறிக்கிறார்கள்.

சின்ன இடைவெளி எதற்கு? ஜெமினிட் நிதானமான பொழிவு. உச்சத்தை ஒட்டி ஓர் இரவு முழுக்க 120-ஐ மாறாத எண்ணாக எடுத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. லியோனிட் அப்படியில்லை. 1966 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுமார் கால் மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டியது. இரவு முழுதுக்கும் சராசரி போட்டிருந்தால் அந்த ஊசிமுனை உச்சம் தெரியாமலே போயிருக்கும்.

அந்த உச்சம் எப்போது வரும் என்பது வேடிக்கை பார்ப்பவர்களைவிட விண்கலம் அனுப்புகிறவர்களுக்கு முக்கியம். ஒரு விண்கலத்தின்மேல் எத்தனை துகள்கள் மோதும் என்பதும் இதே பரப்புக் கணக்குதான். கலத்தின் அளவால் பெருக்க வேண்டும், அவ்வளவே. 1993 ஆகஸ்ட்டில் பெர்சீட் பொழிவு வழக்கத்தைவிடப் பலமாக இருக்கும் என்ற கணிப்பால், டிஸ்கவரி விண்ணோடத்தின் பயணத்தை நாசா தள்ளிவைத்தது. பயண நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை. வளைகோட்டின் மேடான பகுதி மட்டும் அந்த நாள்களுக்குள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதே பெர்சீட் நாள்களில் ஐரோப்பாவின் ஒலிம்பஸ் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்து, கைவிடப்பட்டது. ஒரு துகள் மோதியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது, நிரூபணம் ஆகவில்லை.

ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதைத் தள்ளிவைக்க முடியாது. அதனால் 1998 நவம்பரில் லியோனிட் உச்சம் கடக்கும் மணி நேரங்களில் ஹபிள் தொலைநோக்கியை, துகள்கள் வரும் திசைக்கு முதுகு காட்டும்படி திருப்பி வைத்தார்கள்.