நண்பருக்கு ஒரு கோப்பு

நாம் புணேயில் பணியாற்றிய நாளில், தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்த நண்பர் வேலை இழந்தார். செய்தி அறிந்த அன்றே சிலர் பழக்கூடையுடன் அவர் இல்லம் சென்றனர். துக்க வீட்டில் அமர்ந்ததுபோல் அமர்ந்திருந்தார்களாம். உறையில் பணம் வைத்து நீட்டியவரிடம் நண்பர் அதை அப்போதே திருப்பித் தந்துவிட்டார்.

நாம் பத்து நாள் பொறுத்தோம். பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளே பிளாஸ்டிக் உறைகள் கோத்த கோப்பு ஒன்றையும் ஒரு பென்சிலையும் எடுத்துச் சென்றோம். செலவு 200 ரூபாய்க்குள் அடங்கியது. உறைகளில் தலைப்புகளை மட்டும் ஒட்டியிருந்தோம்: பணிவிடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவக் காப்பீடு, வங்கி. நிரப்பும் வேலை அவருடையது. கணக்கு எழுதியே பழகிய கைக்கு அது பிடித்துப்போயிற்று.

பணிக்கொடை உறை வெறுமையாகவே இருந்தது. நிறுவனம் அதுபற்றி வாய் திறக்கவில்லை. இவரும் கேட்கக் கூச்சப்பட்டிருந்தார். தொடர்ந்து 5 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு அது உரிமை. அன்றைய விதிப்படி, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்குரிய தொகை கிடைத்தது. நண்பருக்கு அவ்விரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய். ஆகவே ஆண்டுக்கு 15,000. அவருடைய பணிக்காலம் 7 ஆண்டு 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படும் என்பதால், எட்டு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அன்றே எழுத்து மூலம் விண்ணப்பம் தயாரித்தார்.

வங்கி உறையில்தான் அதிக நேரம் சென்றது. மூன்று மாதக் கணக்கு அறிக்கையில், தானாகப் பிடித்தமாகும் தொகைகளைப் பென்சிலால் கோடிடச் சொன்னோம். 5ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை, 10ஆம் தேதி பரஸ்பர நிதி முதலீடு, இடையில் காப்பீட்டுத் தவணை. கணக்கில் பணமின்றித் தவணை திரும்பினால் அபராதக் கட்டணம் விழும்; கடன் தவணை தாமதமானால் அது கடன் வரலாற்றிலும் பதிவாகும். முதலீட்டை நிறுத்திவைக்க விண்ணப்பிக்கலாம். கடன் கொடுத்த கிளைக்கோ தவணை நாளுக்கு முன்பே செல்ல வேண்டும். பின்பு சென்றால் பேச்சு வேறு விதமாகிவிடும். சம்பளம் வரவு நின்ற கணக்கு சில மாதங்களில் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறுவது வழக்கம். அப்போது குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றில் மட்டும் கவனமாயிருந்தோம். இருப்புத் தொகையை நாம் பார்க்கவில்லை. பென்சில் அவர் கையிலேயே இருந்தது. வங்கியில் பணியாற்றுபவருக்கு எட்டிப் பார்க்கும் பழக்கம் எளிதில் வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கோப்பை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். அவரோடு வேலை இழந்த இளைஞர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமாம்.