100 ரூபாய் பங்கு 105-க்கு வந்தது எப்படி?

பூதப்பாண்டி:- டீக்கடையில் நின்றபடியே செல்போனில் பங்கு வாங்கும் காலம் இது. விலை 100 ரூபாய் என்று காட்டும்போது 100 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால், "என்ன விலைன்னாலும் வாங்கு" என்று அர்த்தம். 100 ரூபாய்க்கு 20 பங்குதான் விற்பனைக்கு இருந்தால், அடுத்த 30 பங்கு 102-க்கும், மீதி 50 பங்கு 105-க்கும் வந்து சேரும். பில் 10 ஆயிரத்து 310 ரூபாய்!

லிமிட் 101 என்று போட்டால் அதுக்கு மேல ஒரு பைசா போகாது. ஆனா 20 பங்குதான் கிடைக்கும். மீதி 80 காத்திருக்கும். விலை இறங்கலேன்னா அன்று மாலையே ரத்து.

2012 அக்டோபர் 5-ல் ஒரு தரகு நிறுவனத்தின் தவறான விற்பனை ஆர்டர்கள் கிடைத்த விலைக்கெல்லாம் போனதால், தேசிய பங்குச்சந்தையின் நிப்டி நொடிகளில் சுமார் 15 சதவீதம் சரிந்தது. விலை குதிக்கிற நேரத்தில் லிமிட்தான் கடிவாளம்.