மூடி போடாத கீரை

சிறுகீரை மசியல் பழுப்பேறிப் போனால் முதலில் மூடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இலை வேகும்போது அதிலுள்ள அமிலங்கள் வெளிவருகின்றன. அவற்றில் சில ஆவியோடு பறந்துவிடும். மூடி போட்டால் அந்த ஆவி நீராகிப் பாத்திரத்திலேயே திரும்ப விழும். அமிலம் பச்சையத்திலிருந்து மக்னீசியத்தை வெளியேற்ற, இலை காக்கி நிறமாகிவிடும். புளியை முதலிலேயே ஊற்றினாலும் இதே கதிதான்.

ஒரு கட்டு கீரைக்கு அரை டம்ளர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும், நறுக்கிய தண்டைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து இலையைச் சேருங்கள். திறந்தபடியே மேலும் மூன்று, நான்கு நிமிடம். தண்டை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். உடனே இறக்கிக் கடையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு சூடான சட்டியிலேயே விட்டால் வெந்துகொண்டேதான் இருக்கும். சிலர் சோடா உப்பு போடுவார்கள். நிறம் நிற்கும், ஆனால் இலை கொழகொழத்துவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

பூ விட்ட முற்றல் கீரையின் கசப்பை எந்தப் பக்குவமும் போக்காது. பாலக்கீரை நாக்கில் கரகரப்பதற்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். நிறையக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்தால் அதில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்.