வாடிக்கையாளர் சொல்லாததை அவர் வாயில் வைக்காதீங்க

நம்ம உழவர் குழுக்கள் பலவும் இப்ப அரிசியையும் எண்ணெயையும் நேரடியா விற்கிறோம். வாட்ஸப்பில் போட ஒரு நிமிட வீடியோ வேணும்னு ஆரம்பிச்சா, உடனே யாராவது ஒரு பேப்பரில் எழுதிடுறாங்க: "இந்த அரிசியைச் சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து எங்க வீட்டில் எல்லாரும் ஆரோக்கியமா இருக்கோம்." இதைச் சொன்னது யாருன்னு கேட்டா பதில் இருக்காது. யாரும் சொல்லலை. பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கேட்கிறவருக்கும் அது ஒட்டாது. எந்த அரிசிக்கும் அதைச் சொல்லலாமே.

நான் முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன். வவுச்சர் இல்லாம லெட்ஜரில் ஒரு வரி ஏறாது. வீடியோவுக்கு எழுதும்போதும் அதே கணக்குதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை யார், என்றைக்குச் சொன்னார்னு எழுத முடியணும். முடியாத வரியை அடிச்சிடுவேன்.

மாப்பிள்ளைச் சம்பா வாங்கும் ஓர் அம்மாவிடம் போனில் பேசி எழுதினதைச் சொல்றேன். "நல்லா இருந்ததா?"ன்னு கேட்டா "நல்லா இருந்தது"ன்னுதான் பதில் வரும், அதை வெச்சு ஒண்ணும் எழுத முடியாது. அதனால் முதல் தடவை சமைச்சப்ப என்ன ஆச்சு, வீட்டில் யார் சாப்பிட மாட்டேன்னாங்க, இதுவரை எத்தனை தடவை வாங்கியிருக்கீங்கன்னு கேட்டேன். கால் மணி நேரம் பேசினாங்க. அதிலிருந்து எடுத்தது இது:

"முதல் தடவை ஊறப்போடாம குக்கரில் வெச்சுட்டேன், வேகவே இல்லை. போன் பண்ணிக் கேட்டதுக்கு ராத்திரியே ஊறப்போடச் சொன்னாங்க. இப்ப வாரத்தில் ரெண்டு நாள் கஞ்சியும் இட்லியும் செய்றோம். சோறா வெச்சா பையன் இன்னும் தொட மாட்டான். இட்லின்னா சாப்பிடுறான்."

வேகலைங்கிற வரியை எடுத்துடலாம்னு குழுவில் சிலர் சொன்னாங்க. எனக்கு அதுதான் முக்கியம். அந்த அரிசியை வாங்கிச் சமைச்ச ஒருத்தர்தான் அதைச் சொல்ல முடியும். புதுசா வாங்குகிறவருக்கு ஊறப்போடணும்னு தெரிஞ்சுபோச்சு, புகாரும் குறையும்.

அவங்க பேசினதை முன்பின் மாற்றலாம், இழுவையை வெட்டலாம். "பரவாயில்லை"ன்னு சொன்னதை "பிரமாதம்"னு ஆக்கக் கூடாது. எழுதி முடிச்சதும் போனில் வாசிச்சுக் காட்டி, "சரி, போடுங்க"ன்னு அவங்க சொன்ன குரல் பதிவைத் தேதியோட வெச்சிருக்கேன்.

ஒரு வரியை மட்டும், அவங்க நிஜமாவே சொல்லியிருந்தும், விட்டுட்டேன். "சுகர் குறைஞ்சிருக்கு" என்றது. அதே மாசங்களில் அவங்க நடைப்பயிற்சியும் ஆரம்பிச்சிருக்காங்க, டாக்டர் மாத்திரையையும் மாத்தியிருக்கார். எதனால் குறைஞ்சதுன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாடிக்கையாளர் சொன்னதுதானேன்னு தப்பிக்க முடியாது. நம்ம வீடியோவில் வந்தா அது நம்ம வாக்கு. உணவுப்பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும்னு விளம்பரம் செய்யக் கூடாதுன்னு 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்லுது. சட்டத்தை விடுங்க. அதைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்திட்டா?

2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொடுத்திருக்கு. பரிந்துரை என்பது பேசுகிறவரின் உண்மையான, ஓரளவு சமீபத்திய கருத்தா இருக்கணும். விற்பவரோடு அவருக்கு உறவோ ஆதாயமோ இருந்தா அதையும் வெளிப்படையாச் சொல்லணும். பேசுவது என் மைத்துனர்னா "இவர் என் மைத்துனர்"னு சொல்லிடணும், ஐந்து கிலோ இலவசமா கொடுத்திருந்தா அதையும்தான். "சமீபத்திய" என்பது நமக்குப் பொருந்துற சொல். போன வருஷம் தவிடு நீக்காத அரிசி கொடுத்தோம், இந்த வருஷம் மில்லில் பாலிஷ் போட்டோம்னா, பழைய வாடிக்கையாளர் பேச்சை இந்த மூட்டைக்கு ஓட்டக் கூடாது. சரக்கு வேற.

புது ரகம், வாங்கினவர் இன்னும் யாருமே இல்லைன்னா? அப்ப வாடிக்கையாளர் குரலே வேண்டாம். விளைவிச்சவரே "நான்"னு பேசட்டும். அதிலும் ஒரு கவனம் வேணும். "இந்த அரிசியில் நஞ்சு துளிகூட இல்லை"ன்னு ஆய்வக அறிக்கை கையில் இல்லாம சொல்ல முடியாது. பக்கத்து வயல்காரர் அடிச்ச மருந்து காத்தில் வந்திருக்கலாம். "இந்த வயலில் நான் பூச்சிக்கொல்லி தெளிக்கலை, ரெண்டு தடவை மீன் அமிலம் தெளிச்சேன், மகசூல் குறைவு, அதனால் விலை கூட"ன்னு சொல்லலாம். இது அவர் கையால் செஞ்ச வேலை. தெளிச்ச தேதி வயல் நோட்டில் இருக்கும்.