மூன்று பின், மூன்று அளவு: கம்ப்ரஸர் காயில் எரிந்ததா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீன் ஃப்ரீசரோ, திருவள்ளூர் கடைவீதியின் குளிர்பானப் பெட்டியோ நின்றுபோனால், ‘காயில் போச்சு’ என்ற தீர்ப்பு சீக்கிரமே வந்துவிடுகிறது. மல்டிமீட்டர் `OL` காட்டுவதையே சாட்சியாக வைக்கிறார்கள். ஒற்றை அளவு எதையும் நிரூபிக்காது; மூன்று அளவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது என் வாதம். சிங்கிள் பேஸ் கம்ப்ரஸருக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. ரன் காயில் தடித்த கம்பி, அதனால் தடை குறைவு. ஸ்டார்ட் காயில் மெல்லிய கம்பி, தடை அதிகம். இரண்டின் ஒரு முனையும் சேருமிடம் காமன். மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பதை வடித்து, பின்களிலிருந்து ரிலேயையும் ஒயர்களையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். உதாரணமாக 1-2க்கு இடையே 16 ஓம், 2-3க்கு 12, 1-3க்கு 4 என்று வைப்போம். அதிக அளவு காட்டிய ஜோடியில் இல்லாத 3தான் காமன். அதிலிருந்து குறைவாகக் காட்டும் 1 ரன், மீதமுள்ள 2 ஸ்டார்ட். 4ம் 12ம் சேர்ந்து 16. பின்களின் வரிசை பழகியதுதானே, ஏன் அளக்க வேண்டும் என்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அந்த வரிசை மாறுகிறது.

இனி `OL`. இதே கம்ப்ரஸரில் 2-3, 1-2 இரண்டும் `OL`, 1-3 மட்டும் 4 என்றால் ஸ்டார்ட் காயில் அறுந்திருக்கிறது. ஆனால் 1-3, 2-3 இரண்டும் `OL`, 1-2 மட்டும் 16 என்றால், இரண்டு காயில்களும் நலமாக இருக்கின்றன. காமனில் தொடராக உள்ள ஓவர்லோடு சூட்டில் திறந்திருக்கக் கூடும். அது உள்ளேயே இருக்கும் கம்ப்ரஸரை, மேலே கை வைக்கும் அளவுக்கு ஆறும்வரை சில மணி நேரம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றிப் போடுவது நல்ல கம்ப்ரஸரைக் குப்பையில் போடுவதாகும். ஆறிய பிறகும் `OL` என்றால்தான் உள்ளே துண்டிப்பு.

கணக்கு சரியாக வந்தால் காயில் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டார்ட் காயிலின் சில சுற்றுகள் கருகி ஒட்டி 12 என்பது 7 ஆனால், 1-2 அளவு 11 ஆகும். 4ம் 7ம் 11தான், கூட்டல் பிசகாது. கம்பெனி தரும் அளவோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். சின்ன அளவுகளில் புரோப் ஒயரின் தடையும் கலந்துவிடும் என்பதால், இரண்டு முனைகளையும் தொடவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். சூடான செம்பு 50 டிகிரிக்குச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். அளவுகள் சரியாக இருந்தும் சுவிட்ச் போட்டதும் எம்சிபி விழுந்தால், பின்னுக்கும் பெயிண்ட் சுரண்டிய பாடிக்கும் இடையே பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் சில வோல்ட்டுக்கு அடங்கியிருக்கும் பழுதான இன்சுலேஷன், 500 வோல்ட் மெக்கருக்குத்தான் வாய் திறக்கும். உள்ளே வெற்றிடம் இழுத்திருக்கும்போது மட்டும் மெக்கர் போடவே கூடாது. த்ரீ பேஸ், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்களில் மூன்று அளவுகளும் ஏறக்குறைய சமமாகவே வரும். அங்கே காமனைத் தேடக் கூடாது.