9.79-ஆ, 9.8-ஆ? ஊசல் சோதனை அறிக்கையைச் சரிபார்க்கும் முறை

தனி ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனை, இயற்பியல் படித்த எல்லோரும் ஒருமுறையாவது செய்தது. நூலில் ஓர் உலோகக் குண்டைத் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்து, நூலின் நீளத்தை மாற்றி மாற்றி ஐந்து முறை அளப்பார்கள். அளந்தவை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் ஏறும். பிறகு ரெக்கார்டு நோட்டுக்கோ தட்டச்சு செய்த அறிக்கைக்கோ போகும். இந்தப் பயணத்தில்தான் பிழைகள் நுழைகின்றன. ஒரே அளவு செய்முறைப் பகுதியில் ஒருமுறை, அட்டவணையில் ஒருமுறை, வரைபடத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று நான்கு இடங்களில் வருகிறது. நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பவரின் வேலை.

அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கதை போலப் படித்தால் இந்தப் பிழைகள் கண்ணில் படாது. அலகுகளை மட்டும் ஒருமுறை, எண்களை மட்டும் ஒருமுறை, படத்தையும் அதன் விளக்கத்தையும் ஒருமுறை என்று தனித்தனியாகப் பார்ப்பதே பலன் தரும். பின்வருவது அப்படிப்பட்ட ஓர் அறிக்கையின் அட்டவணை. இதில் l என்பது ஊசலின் நீளம், T என்பது அலைவு நேரம்.

| l (cm) | 20 அலைவுகளுக்கான நேரம் (s) | T (s) | T² (s²) | l/T² (cm/s²) |
|---|---|---|---|---|
| 60.0 | 31.1 | 1.555 | 2.418 | 24.81 |
| 70.0 | 33.6 | 1.680 | 2.822 | 24.81 |
| 80.0 | 35.9 | 1.795 | 3.222 | 24.83 |
| 90.0 | 38.1 | 1.905 | 3.269 | 24.80 |
| 100.0 | 40.2 | 2.010 | 4.040 | 24.75 |

அட்டவணைக்குக் கீழே முடிவு இப்படி இருக்கிறது: "எனவே புவியீர்ப்பு முடுக்கம் g = 979.06 m/s² எனக் கண்டறியப்பட்டது."

அலகில் உள்ள கோளாறு உடனே தெரிகிறது. பூமியில் எங்கே அளந்தாலும் இந்த முடுக்கம் ஏறத்தாழ 9.78-க்கும் 9.83-க்கும் இடையில்தான் மீட்டர் கணக்கில் வரும். 979 என்பது சென்டிமீட்டர் கணக்கு. அட்டவணை முழுக்க cm-இல் இருக்க, கடைசி வரியில் மட்டும் பழக்கதோஷத்தால் m வந்து உட்கார்ந்துவிட்டது. இதைத் திருத்த இரண்டு வழி உண்டு: 979 cm/s² என்று எழுதலாம், அல்லது 9.79 m/s² என்று மாற்றலாம். எதைத் தேர்ந்தாலும் அறிக்கை முழுவதும் அதுவே இருக்க வேண்டும். செய்முறையில் மீட்டர், அட்டவணையில் சென்டிமீட்டர், முடிவில் மறுபடி மீட்டர் என்றால் படிப்பவர் ஒவ்வொரு இடத்திலும் நூறால் பெருக்கிக்கொண்டும் வகுத்துக்கொண்டும் போக வேண்டியிருக்கும்.

அலகுக் குறிகளை எழுதும் விதமும் இதோடு சேர்ந்தது. நொடிக்கு s தான். Sec என்றோ, பெரிய எழுத்தில் S என்றோ எழுதக் கூடாது. பெரிய S மின்கடத்துதிறனின் அலகான சீமென்ஸைக் குறிக்கும். எண்ணுக்கும் அலகுக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். இந்தச் சோதனையில் இன்னொரு தனிச் சிக்கலும் இருக்கிறது: g என்ற எழுத்து முடுக்கத்தையும் குறிக்கிறது, கிராமையும் குறிக்கிறது. அச்சில் முடுக்கத்தைச் சாய்வெழுத்திலும் கிராமை நேரெழுத்திலும் போடுவது வழக்கம். கையெழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது. குண்டின் நிறையைச் சொல்லும் வரியில் கிராம் என்று தமிழிலேயே எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

அடுத்தது எண்கள். அட்டவணையின் நான்காவது வரியில் 1.905-ஐ வர்க்கப்படுத்தினால் 3.629 வருகிறது, அறிக்கையிலோ 3.269 என்று இருக்கிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. கணிப்பான் இல்லாமலே இதைச் சந்தேகிக்க முடியும். நீளம் 10 cm கூடும்போதெல்லாம் T² ஏறக்குறைய 0.4 கூடுகிறது. மூன்றாவது வரியிலிருந்து நான்காவதற்கு மட்டும் 0.05-ம், அங்கிருந்து ஐந்தாவதற்கு 0.77-ம் கூடியிருக்கிறது. ஒரு நிரலை மேலிருந்து கீழே, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பார்த்தபடி படிப்பது வரி வரியாகப் படிப்பதைவிட வேகமாகப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

பிழை கிடைத்ததும் உடனே எண்ணைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்தத் தவறான எண் கணக்கிலும் புகுந்ததா, நகலெடுக்கும்போது மட்டும் நேர்ந்ததா என்பது தெரிய வேண்டும். 90.0-ஐ 3.269-ஆல் வகுத்தால் 27.53 வரும். அட்டவணையின் கடைசி நிரலில் 24.80 என்று சரியாகவே இருக்கிறது. தவறான எண் கணக்கில் புகுந்திருந்தால் சராசரி 25.35 ஆகி, முடுக்கம் ஏறத்தாழ 10.0 m/s² என்று வந்திருக்கும். முடிவு 9.79 என்பதை ஒட்டியே இருப்பதால் கணக்கு சரி, நகலில்தான் கை தவறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆகவே அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். முடிவைத் தொட வேண்டியதில்லை.

இதே முறையில் செய்முறைப் பகுதியையும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இந்த அறிக்கையின் செய்முறையில் "25 அலைவுகளுக்கான நேரம் அளவிடப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. அட்டவணையில் 20. பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதியதன் அடையாளம் இது. எது உண்மை என்பதை எண்களே சொல்லும்: 40.2 நொடி 25 அலைவுகளுக்கானது என்றால் அலைவு நேரம் 1.6 நொடியாகக் குறைந்து, முடுக்கம் 15 m/s²-ஐத் தாண்டிவிடும். ஒரு மீட்டர் ஊசல் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 நொடி எடுக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்குகூடத் தேவைப்படாது.

இனி 979.06 என்ற எண்ணுக்கு வரலாம். கணிப்பான் காட்டிய இலக்கங்களையெல்லாம் அப்படியே எழுதுவது அறிக்கைகளில் மிகப் பரவலான வழக்கம். 979.06 என்று எழுதுகிறவர், ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வரை தனக்குத் தெரியும் என்று சொல்கிறார். கையால் அழுத்தும் கடிகாரத்துக்கு அந்தத் தகுதி இல்லை. கண் பார்த்து விரல் அழுத்துவதில் 0.2 நொடி முன்பின் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 40 நொடியில் அது 0.5 சதவீதம், 31 நொடியில் 0.6 சதவீதம். நேரம் கணக்கில் வர்க்கமாக வருவதால் பிழையும் இரட்டிப்பாகி, முடிவில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். மீட்டர் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் வரும் பிழை இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே பிழை எல்லை ஏறத்தாழ 0.1 m/s². பிழை எல்லையை ஓர் இலக்கத்தில் எழுதி, முடிவையும் அதே தசம இடத்தில் நிறுத்துவது முறை: 9.8 ± 0.1 m/s². இடைநிலைக் கணக்குகளில் ஓர் இலக்கம் கூடுதலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. கடைசியில்தான் சுருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 60.0, 1.680 போன்றவற்றில் கடைசிச் சுழியம் வேலையற்றது என்று நினைத்துச் சிலர் நீக்கிவிடுவார்கள். 60.0 cm என்றால் மில்லிமீட்டர் வரை பார்த்து அளந்தது என்று பொருள். வெறும் 60 cm அந்தத் தகவலைத் தருவதில்லை. ஒரே நிரலில் எல்லா எண்களுக்கும் ஒரே தசம இடம் இருக்கிறதா என்று பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியது அதிகம். இந்த அறிக்கையில் படத்துக்குக் கீழே "படம் 1: வரைபடம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது வரைபடம் என்பது பார்த்தாலே தெரியும்; எந்த அச்சில் எது, புள்ளிகள் எவை, கோடு எப்படி வந்தது என்பதுதான் தெரியாது. அச்சுகளில் எது எங்கே இருக்கிறது என்பது வெறும் அழகுக்கானதல்ல, கணக்கையே மாற்றக்கூடியது. நீளம் கிடை அச்சிலும் T² செங்குத்து அச்சிலும் இருந்தால் சாய்வு 0.0403 s²/cm, முடுக்கத்துக்கு 4π²-ஐ அந்தச் சாய்வால் வகுக்க வேண்டும். அச்சுகளை மாற்றிப் போட்டிருந்தால் சாய்வு 24.8 cm/s², அப்போது 4π²-ஆல் பெருக்க வேண்டும். சாய்வை அலகோடு எழுதியிருந்தால் எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று அந்த அலகே சொல்லிவிடும். அலகில்லாமல் "சாய்வு = 0.0403" என்று விட்ட அறிக்கைகளில்தான் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருப்பார்கள்.

விளக்கத்தை இப்படி மாற்றலாம்: "படம் 1: ஊசலின் நீளம் கூடும்போது அலைவு நேரத்தின் வர்க்கம் கூடும் விதம். புள்ளிகள் அளந்தவை, கோடு அவற்றுக்குப் பொருத்திய நேர்கோடு. ஒவ்வொரு புள்ளியும் 20 அலைவுகளுக்கான நேரத்திலிருந்து கணக்கிட்டது." உரையைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவருக்கும் இது போதும். முடிவை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அச்சில் cm என்று இருந்தால் விளக்கத்தில் மீட்டர் வரக் கூடாது; உரையில் "படம் 2-இல் காண்க" என்று இருந்தால் படம் 2 என்று ஒன்று இருக்கவும் வேண்டும். ஒரு படத்தை நீக்கிய பிறகு எஞ்சியவற்றின் எண்களை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கிறது.

சொற்களைப் பொறுத்தவரை, "மேற்படி ஆய்வானது மேற்கொள்ளப்பட்டதன் வாயிலாக" போன்ற நடையை வெட்டுவது எளிது. ஒரே சொல் இரண்டு பொருளில் வருவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். இந்த அறிக்கையில் அந்தச் சொல் "நீளம்". செய்முறையில் அது நூலின் நீளம். சூத்திரத்தில் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள நீளம். குண்டின் ஆரம் 1 cm என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 1 cm. ஆரத்தைச் சேர்க்காமல் 59, 69 என்று கணக்கிட்டால் முடுக்கம் ஏறத்தாழ 9.66-க்கு இறங்கிவிடும், கடிகாரத்தால் வரும் பிழைக்கு ஈடான தவறு இது. நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாது என்பது ஒரு தடயம். ஆனால் விலகல் மிகச் சிறியது, வழக்கமான வரைபடத் தாளில் கண்ணுக்குப் படுவது அரிது. ஆகவே "நூலின் நீளம்", "ஊசலின் நீளம்" என்று இரண்டு பெயர் வைத்து, இரண்டாவது எதிலிருந்து எதுவரை என்பதை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு எங்கும் வெறும் "நீளம்" என்று எழுதாமல் இருப்பதே சரி. "நேரம்" என்ற சொல்லுக்கும் இதே கதிதான்: 20 அலைவுகளுக்கான நேரமா, ஓர் அலைவுக்கான நேரமா என்பது ஒவ்வொரு இடத்திலும் தெரிய வேண்டும்.

அறிக்கையின் கடைசி வரி இது: "உண்மையான மதிப்பு 9.81 என்பதால் மனிதப் பிழையினால் 0.2% தவறு ஏற்பட்டது." இதில் அலகு இல்லை. "மனிதப் பிழை" என்பதும் எதையும் சொல்லவில்லை; கடிகாரத்தை அழுத்தியதில் ஏற்பட்ட தாமதம் என்றால் அதையே எழுதலாம். 9.81 என்பதும் இடத்துக்கு இடம் மாறும் ஒரு மதிப்பு. 1901-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியம மதிப்பு 9.80665 m/s², சென்னையின் அட்சரேகையில் கடல் மட்டத்தில் அது 9.78 அளவில் இருக்கும். அளந்த மதிப்பின் எல்லை 9.7 முதல் 9.9 வரை விரிவதால் இவை மூன்றும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. எனவே சதவீதக் கணக்கை எடுத்துவிட்டு அந்த வரியை இப்படி எழுதலாம்: "புவியீர்ப்பு முடுக்கம் 9.8 ± 0.1 m/s². இந்த எல்லைக்குள் இது ஏற்கப்பட்ட மதிப்போடு ஒத்துப்போகிறது. பிழையின் பெரும்பகுதி கடிகாரத்தைக் கையால் இயக்கியதால் வந்தது."